கவரிங் செயின் எத்தனை நாள் கறுக்காது? கொக்கி, முலாம், பாக்கெட் போட்டோக்களைப் படிக்கும் முறை

கவரிங் நகை விற்பவர்கள் அனுப்பும் படங்களில் டாலரும் முகப்பும்தான் பெரிதாகத் தெரியும். கொக்கி ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கும், அல்லது படத்திலேயே இருக்காது. ஆனால் ஒரு செயின் எத்தனை நாள் தாங்கும் என்பதை டாலரைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடியில் இருப்பது செம்பா பித்தளையா, எப்படிப் பற்றவைத்திருக்கிறார்கள், முலாம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற மூன்றும் ஒரே இடத்தில் வெளிப்படுவது கொக்கியில்தான். பிடரி வியர்வையும் உரசலும் அதிகம் படும் இடமும் அதுவே.

இங்கே எடுத்துக்கொள்வது தினமும் போடுகிற 24 அங்குல கவரிங் செயின். தாலிச் செயினாகவோ வேலைக்குப் போகும்போது போடுவதற்கோ அதிகம் வாங்கப்படுவது இதுதான். சிதம்பரம் கவரிங், ஒரு கிராம் தங்கம், மைக்ரோ பிளேட்டிங், ஐம்பொன் என்று எந்தப் பெயரில் வந்தாலும் பார்க்கும் முறை ஒன்றே.

முதலில் விலையை வைத்து ஒரு கணக்கு

போட்டோவைப் பெரிதாக்குவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். விற்பவர் சொல்வதில் பாதி இங்கேயே தெளிந்துவிடும்.

3 மில்லிமீட்டர் தடிமனுள்ள 24 அங்குல செயினை ஒரு கம்பியாக நினைத்தால் அதன் வெளிப்பரப்பு ஏறக்குறைய 57 சதுர சென்டிமீட்டர். கண்ணிகளின் உட்பக்கத்தையும் சேர்க்க வேண்டும் என்பதால் 100 என்று வைத்துக்கொள்ளலாம். தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். ஆகவே இந்தச் செயின் மீது ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுக்குத் தங்கம் ஏற்ற 193 மில்லிகிராம் தேவை. ‘ஒரு கிராம் தங்கம்’ என்பது உண்மையிலேயே ஒரு கிராம் என்றால் தடிமன் 5 மைக்ரானுக்கு மேல் வரும்.

இப்போது விலையைப் பாருங்கள். செயின் 450 ரூபாய். அதில் உலோகம், கூலி, பாக்கெட், கூரியர், லாபம் எல்லாம் போக 150 ரூபாய்க்குத் தங்கம் போட்டிருக்கிறார் என்று தாராளமாகவே கொள்வோம். கணக்கு வசதிக்காகத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்தால், 150 ரூபாய்க்குக் கிடைப்பது 15 மில்லிகிராம். அதை 100 சதுர சென்டிமீட்டரில் பரப்பினால் தடிமன் 0.08 மைக்ரானுக்கும் சற்றுக் குறைவு. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. தங்கம் விலை ஏறினால் இது இன்னும் மெலியும்.

அதனால் ‘ஒரு கிராம்’ என்பதை ஒரு வியாபாரப் பெயராக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது எடையைச் சொல்வதில்லை. ‘மைக்ரோ’ என்ற சொல்லும் தடிமனைச் சொல்வதில்லை. யாராவது “ஒரு மைக்ரான் முலாம்” என்று எண்ணோடு சொல்லி 600 ரூபாய்க்குத் தந்தால், தங்கத்துக்கு மட்டுமே 1,930 ரூபாய் ஆகியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் வழிகாட்டுதலில், மின்முலாம் பூசிய தங்க நகை என்று சொல்லிக்கொள்ளவே 0.175 மைக்ரான் தங்கம் வேண்டும். நம் ஊர் 450 ரூபாய்ச் செயின் அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, அந்த விலைக்கு அவ்வளவுதான் வரும். மெல்லிய முலாமிலேயே கவனமாகச் செய்தது எது, அரைகுறையாகச் செய்தது எது என்று பிரிப்பதற்குத்தான் போட்டோ.

எந்தப் போட்டோக்களைக் கேட்பது

பட்டியலில் இருக்கும் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான்கு படங்களும் ஒரு சிறு வீடியோவும் கேளுங்கள்:

1. கொக்கி திறந்த நிலையில், அதன் இருபக்க வளையங்களோடு, மிக அருகில்.
2. செயினை விரலில் வளைத்துப் பிடித்து, கண்ணிகளின் உட்புறம் தெரியும்படி.
3. முகப்பு அல்லது டாலரின் பின்பக்கம்.
4. பாக்கெட்டின் முன், பின் இரண்டும், எழுத்து வாசிக்கும்படி.
5. பத்து விநாடி வீடியோ: செயினை மெதுவாகச் சாய்த்துத் திருப்பிக் காட்ட வேண்டும்.

எல்லாம் ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், வெள்ளைத் தாள் மேல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் தாள் முக்கியம். படத்தில் தாள் மஞ்சளாகத் தெரிந்தால், செயினின் மஞ்சளிலும் ஒரு பங்கு விளக்கிலிருந்தோ போன் கேமராவிலிருந்தோ வந்தது. தாளின் ஓரத்தில் அன்றைய தேதியைப் பேனாவால் எழுதச் சொன்னால், வேறு கடையின் படத்தை எடுத்து அனுப்புகிறவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, பற்றவைத்த இடத்தின் விவரம் அழிந்துபோகும்.

“அதெல்லாம் எடுக்க முடியாது மேடம், குவாலிட்டி சூப்பரா இருக்கும்” என்று பதில் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

கொக்கியைப் படிப்பது

எஸ் கொக்கியில் முதலில் கம்பியின் முனைகளைப் பாருங்கள். நல்ல வேலையில் முனை உருட்டி மழுக்கப்பட்டிருக்கும், அல்லது சிறு குமிழாக இருக்கும். கட்டரால் வெட்டியபடியே தட்டையாக விட்டிருந்தால் இரண்டு தொல்லை. சட்டையிலும் முடியிலும் மாட்டும் என்பது சிறியது. முலாம் போட்ட பிறகு கம்பியை வெட்டியிருந்தால் அந்த வெட்டு முகத்தில் முலாமே இருக்காது என்பது பெரியது. அங்கே சிவப்பாகத் தெரிந்தால் அடியில் செம்பு, வெளிர் மஞ்சளென்றால் பித்தளை, சாம்பல் நிறமென்றால் துத்தநாகக் கலவையோ இரும்போ. விற்பவரைக் கேட்காமலேயே அடி உலோகம் என்ன என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

அடுத்தது கொக்கியையும் செயினையும் சேர்க்கும் சிறு வளையம். அதன் வாய் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா, வெறுமனே அழுத்தி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மயிரிழை இடைவெளி தெரிந்தாலே அது திறந்த வளையம். திறந்த வளையம் இழுபட்டு விரியும். செயின் தொலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், நடுவில் அறுந்து அல்ல. கூடவே இன்னொன்று உண்டு. முலாம் போட்ட பிறகு வளையத்தைத் திறந்து மூடியிருந்தால், வளைந்த இடத்தில் முலாம் வெடித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த வெடிப்பில் வியர்வை இறங்கி, முதல் கறுப்புப் புள்ளி அங்கிருந்து கிளம்பும்.

பற்றவைத்த வளையமென்றால் அந்தப் பற்றின் நிறத்தைக் கவனியுங்கள். பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தது மெல்லிய கோடாக, சுற்றியுள்ள உலோகத்தோடு கலந்து தெரியும். ஈயப் பற்று உருண்டையாக, மெழுகு சொட்டியதுபோல் மேலே உட்கார்ந்திருக்கும். பளபளப்பும் சற்று மங்கியிருக்கும். ஈயம், வெள்ளீயத்தின் மேல் முலாம் சரியாகப் பிடிப்பதில்லை. செயின் முழுதும் மஞ்சளாக இருக்கும்போதே அந்தப் பொட்டு மட்டும் சாம்பலாக மாறும்.

கொக்கியின் நிறமும் செயினின் நிறமும் ஒன்றாக இருக்கின்றனவா? வேறுபட்டால், கொக்கியைத் தயாராக வாங்கி, முலாம் போட்டு முடித்த செயினில் மாட்டியிருக்கிறார்கள். அதுவே குறை ஆகாது, ஆனால் இரண்டும் ஒரே காலத்தில் மங்காது. விசை வைத்துத் திறக்கும் ஸ்பிரிங் கொக்கியில் உள்ளே இருப்பது எஃகுச் சுருள். அதற்குள் முலாம் போவதில்லை. தினமும் குளிக்கும்போது கழற்றாதவர்களுக்கு அது துருப்பிடித்து இறுகிவிடும். தினசரிச் செயினுக்கு, தடித்த கம்பியில் செய்த எஸ் கொக்கியே மேல்.

முலாம்: பள்ளத்தைப் பாருங்கள், மேட்டை அல்ல

மின்முலாம் எல்லா இடத்திலும் ஒரே அளவு ஏறாது. மின்சாரம் வெளி ஓரங்களுக்கும் மேடுகளுக்கும் எளிதாகப் போகும். பள்ளங்களுக்கும் கண்ணிகளின் உட்பக்கத்துக்கும் குறைவாகவே போகும். அதனால் தொட்டியில் குறைந்த நேரம் வைத்து எடுத்த செயினில் வெளிப்பக்கம் தகதகவென்றும், உட்பக்கம் இளஞ்சிவப்பு சாயலோடும் இருக்கும். இரண்டாவது போட்டோவைக் கேட்டது இதற்காகத்தான். உள்ளும் வெளியும் ஒரே மஞ்சள் என்றால் நேரம் கொடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நம்பலாம்.

செயினைத் தொட்டியில் தொங்கவிடக் கம்பி மாட்டிய இடத்தில் சிறு வெற்றுத் தழும்பு விழும். இது பெரும்பாலும் கடைசிக் கண்ணியிலோ கொக்கி வளையத்திலோ இருக்கும். கவனமான பட்டறையில் இடம் மாற்றித் தொங்கவிடுவார்கள். மங்கிய ஒரு புள்ளியைப் பார்த்துப் பழைய நகை என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் முகப்பில் அப்படி இருந்தால் வேண்டாம் என்று சொல்லலாம்.

சாய்த்துக் காட்டும் வீடியோவில் ஊசிமுனை அளவு கொப்புளங்கள் மின்னுகின்றனவா என்று பாருங்கள். முலாம் போடுமுன் எண்ணெய்ப் பசையும் பாலிஷ் மெழுகும் சரியாகப் போகாவிட்டால் முலாம் உலோகத்தைப் பிடிக்காமல் மேலே உட்காரும். கொப்புளம் என்றால் உரியப்போகிறது என்று பொருள். மற்ற எந்தக் குறையையும் கவனமாகப் பயன்படுத்திச் சமாளிக்கலாம், இதைச் சமாளிக்க முடியாது.

அடுத்தது லேக்கர். கறுக்காமல் இருக்கத் தங்கத்தின் மேல் நிறமற்ற வார்னிஷ் போன்ற பூச்சு கொடுப்பது வழக்கம். அது கண்ணிகளின் மூலையிலும் கல் பதித்த ஓரத்திலும் தேங்கி, உறைந்த நீர்த்துளி போல் தெரியும். மெல்லியதாக, ஒரே சீராக இருந்தால் அது நகைக்கு நல்லதுதான். 0.08 மைக்ரான் தங்கத்தைக் காப்பாற்றுவதே பெரும்பாலும் அதுதான். தடிமனாகத் தேங்கியிருந்தால் திட்டுத்திட்டாக உரியும். தங்கமே இல்லாமல், பித்தளை நிறத்தின் மேல் மஞ்சள் சாயம் கலந்த லேக்கர் அடித்து விற்பதும் உண்டு. அதில் பள்ளத்தில் தேங்கிய துளி மற்ற இடங்களைவிட அடர்ந்த மஞ்சளாகத் தெரியும். இந்த ஒரு அடையாளத்தைப் பழகிக்கொண்டால் பாதி போலிகளை ஒதுக்கிவிடலாம்.

நிக்கல் பற்றியும் சொல்ல வேண்டும். செம்பின் மேல் நேராகத் தங்கம் போட்டால், சில மாதங்களில் செம்பு மெல்ல ஊடுருவி மேலே வந்து சிவப்பாகும், கறுக்கும். பெட்டியிலேயே வைத்திருந்தாலும் இது நடக்கும். நடுவில் நிக்கல் அடுக்கு இருந்தால் அந்த ஊடுருவல் தடுபடும், நகை அதிக நாள் நிற்கும். ஆனால் நிக்கல்தான் பலருக்குக் கழுத்தில் அரிப்பும் தடிப்பும் தருவது. போட்டோவில் நிக்கலைக் காண முடியாது. தேய்ந்த நகையில்தான் தெரியும்: சிவப்புக்குப் பதில் வெள்ளி நிறத் திட்டு வரும். தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் “அடியில் நிக்கல் போடுவீர்களா” என்று நேரடியாகக் கேட்டுவிடுவதே வழி.

பாக்கெட் சொல்வதும் சொல்லாததும்

நகையின் தரத்தைப் பாக்கெட் மெய்ப்பிக்காது. ரோஸ் காகிதமும் சிவப்பு வெல்வெட் பெட்டியும் மொத்தக் கடையில் யாருக்கும் கிடைக்கும். பாக்கெட்டில் பார்க்க வேண்டியவை மூன்று.

ஒன்று, லேபிளின் வாசகம். ‘கோல்டு பிளேட்டட்’ என்றால் தங்க முலாம் என்று அவர் பொறுப்பேற்கிறார். ‘கோல்டு டோன்’, ‘கோல்டு கலர்’, ‘கோல்டு பினிஷ்’ என்பவை நிறத்தை மட்டும்தான் சொல்கின்றன. கொக்கியில் 916 என்று பொறித்திருந்தால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. உண்மையான தங்கத்துக்கான பி.ஐ.எஸ். முத்திரையில் முக்கோண அடையாளம், தூய்மை எண், ஆறு எழுத்து-எண்கள் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. மூன்றும் சேர்ந்திருக்கும். கவரிங்கில் 916 போடுகிற கை வேறு எதிலும் நேர்மையாக இருக்குமா என்று யோசியுங்கள்.

இரண்டு, முகவரியும் மாதமும். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011-இன்படி சில்லறைப் பொட்டலத்தில் தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவரின் பெயர் முகவரி, மாதம் ஆண்டு, எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி., புகாருக்கான தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். மாதம் நமக்கு இரட்டைப் பயன். செம்பு ஊடுருவல் பாக்கெட்டுக்குள்ளேயே தொடங்குவதால், ஒன்றரை வருடப் பழைய சரக்கு ஆயுளில் ஒரு பகுதியைக் கடையிலேயே செலவழித்துவிட்டு வருகிறது.

மூன்று, நகையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள். ஜிப் கவரில் காற்று வெளியேற்றி மூடியிருந்தால் நல்லது. செயினை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தால் கவனிக்க வேண்டும், ரப்பரில் உள்ள கந்தகம் செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். பஞ்சு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நகை உட்காரும் பஞ்சிலோ ஸ்பாஞ்சிலோ பழுப்பு, பச்சைத் தடம் படத்தில் தெரிந்தால், உலோகம் ஏற்கனவே களிம்பு பிடிக்கத் தொடங்கிவிட்டது.

ஒரு செயினை வைத்துப் பார்ப்போம்

450 ரூபாய், 24 அங்குலம், ‘ஆறு மாத கியாரண்டி’, தினமும் போட. கேட்ட படங்கள் வந்துவிட்டன. எஸ் கொக்கியின் முனை உருட்டியிருக்கிறது. ஒரு பக்க வளையம் பற்றவைத்தது, மறுபக்கம் திறந்தது. கண்ணிகளின் உட்புறம் சற்றே சிவப்பு. லேக்கர் சீராக இருக்கிறது, கொப்புளம் இல்லை. லேபிளில் கோல்டு பிளேட்டட், மாதம் சமீபத்தியது.

தடிமன் ஏறக்குறைய 0.08 மைக்ரான் என்று முன்பே கணக்கிட்டோம். இந்த அளவு முலாம் பிடரியிலும் கொக்கியிலும் தினசரி உரசலில் சில வாரம் முதல் மூன்று மாதம் வரை நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். இங்கே லேக்கர் நன்றாக இருப்பதால் மேல் எல்லையை எடுத்துக்கொள்ளலாம். உட்புறச் சிவப்பு அதைக் கொஞ்சம் கீழே இழுக்கிறது. ஆக, கழற்றாமல் போட்டால் இரண்டு மாதத்தில் கொக்கிப் பக்கம் நிறம் மாறும், மார்புப் பக்கம் அதற்குப் பின் சில வாரம் தாங்கும். அதிக வியர்வை, உப்புத் தண்ணீர்க் குளியல், கழுத்தில் நேராக அடிக்கும் சென்ட் ஒவ்வொன்றும் இதைக் குறைக்கும். சென்ட்டில் உள்ள ஆல்கஹால் லேக்கரைக் கரைப்பது பலருக்குத் தெரிவதில்லை.

இதே செயினை விசேஷத்துக்கு மட்டும் போட்டால் கணக்கே வேறு. வருடத்துக்குப் பத்து விசேஷம், ஒவ்வொன்றும் ஐந்து மணி நேரம் என்றால் 50 மணி. கழற்றாமல் போட்டால் ஒரே மாதத்தில் 720 மணி. உரசலைப் பொறுத்தவரை ஒரு மாதத் தினசரி அணிதல், பதினான்கு வருட விசேஷத்துக்குச் சமம். அங்கே நகையைக் கெடுப்பது உரசல் அல்ல, அலமாரியின் ஈரமும் செம்பின் ஊடுருவலும்தான். துடைத்து, ஜிப் கவரில் தனித்தனியாக வைத்தால் சில வருடம் ஓடும்.

அப்படியென்றால் ஆறு மாத கியாரண்டி? அது எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்: நிறம் மாறினால் புதுச் செயினா, மறுபடி முலாமா, அல்லது அறுந்தால் மட்டுமா? கூரியர் செலவு யாருடையது? பில் வேண்டுமா? மறுமுலாம் இலவசம் என்றால் இந்த 450 ரூபாய் நல்ல பேரம். அறுந்தால் மட்டும் என்றால் நிறத்துக்கு அந்த அட்டையால் பயனில்லை.

திறந்த வளையத்தை மட்டும் அனுப்புமுன் பற்றவைத்துத் தரச் சொல்லலாம். ஆனால் முலாமுக்குப் பிறகு சூடு காட்டினால் அந்த இடம் கறுக்கும், லேக்கரும் எரியும். அதனால் இரண்டு பக்கமும் ஏற்கனவே பற்றவைத்த வேறொன்றைக் கேட்பதே சரி.

கையில் வந்த பிறகு

பாக்கெட்டைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், கொக்கியை அருகில் காட்டி. காந்தத்தை வைத்துப் பாருங்கள். செயின் ஒட்டினால் அடியில் இரும்பு, ஸ்பிரிங் கொக்கி மட்டும் லேசாக இழுபட்டால் அது உள்ளே உள்ள சுருள், பரவாயில்லை. வெள்ளைப் பருத்தித் துணியால் கொக்கியின் உட்பக்கத்தை இருபது முறை தேயுங்கள். துணியில் மஞ்சள் ஒட்டினால் அது சாயம் கலந்த லேக்கர். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

வாங்கும்போதே ஒன்றை யோசித்து வையுங்கள். செம்பிலோ பித்தளையிலோ செய்து, பொடி வைத்துப் பற்றவைத்த செயினை நிறம் போன பிறகு கவரிங் பட்டறையில் கொடுத்து மறுபடி முலாம் போட்டுக்கொள்ளலாம். துத்தநாக வார்ப்பையும், பசையால் கல் ஒட்டிய முகப்பையும் பட்டறைக்காரர் பெரும்பாலும் கையில் வாங்கமாட்டார். பழைய முலாமை எடுக்கும் அமிலத்தில் வார்ப்பு அரிக்கும், கொதிநீரில் கல் உதிரும். விலையும் நிறமும் ஒத்த இரண்டு செயின்களுக்கு நடுவே நின்றால், வெட்டு முனையில் செம்புச் சிவப்பு தெரிகிறதை எடுங்கள்.